"சுகர்னு சொல்லிட்டாங்க" என்று நண்பர் எழுதும்போது

சர்க்கரை நோய் இருப்பதாகப் புதிதாகத் தெரியவந்த ஒருவருக்கு முதல் வாரத்தில் வந்து குவியும் செய்திகளில் பெரும்பாலானவை சாப்பாட்டைப் பற்றியவை. எதை நிறுத்த வேண்டும், எதைச் சேர்க்க வேண்டும், எதை வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும் என்று ஆளாளுக்கு எழுதுகிறார்கள். எழுதுகிறவர்களில் யாரும் கெட்டவர்கள் அல்லர். என்ன சொல்வதென்று தெரியாத நேரத்தில் ஏதாவது செய்துவிட வேண்டும் என்ற பதற்றத்தில்தான் கை தானாக அறிவுரைக்குப் போகிறது. எனக்கும் இந்த நோய் உண்டு, பல ஆண்டுகளாக உண்டு என்பதால், தங்கள் நண்பருக்கு என்ன எழுதலாம் என்று என்னிடம் கேட்பவர்களும் உண்டு. அண்மையில் அப்படிக் கேட்டவன் என் தம்பி.

அவனுடைய கல்லூரி நண்பர் ஒருவர், நாற்பதைக் கடந்தவர், அன்று மாலை அவனுக்கு அனுப்பியிருந்த செய்தி இதுதான்: "ரிசல்ட் வந்துச்சுடா. சுகர்னு சொல்லிட்டாங்க. எச்பிஏ1சி 9.2. ரெண்டு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்காங்க. வீட்ல இன்னும் சொல்லல." எச்பிஏ1சி என்பது கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை. தம்பி உடனே ஒரு பதிலை எழுதி, அனுப்புவதற்கு முன்பு எனக்குக் காட்டினான். "டேய், கவலைப்படாத. இப்பல்லாம் சுகர் யாருக்குத்தான் இல்ல? இனிப்ப அடியோட நிறுத்திடு. ராத்திரிச் சாப்பாட்ட விட்டுப் பாரு, சட்டுனு இறங்கும். எங்க ஆபீஸ்ல ஒருத்தர் மாத்திரையே போடாம நார்மல் ஆக்கிட்டாரு. நீயும் ஆக்கிடலாம். மனசு விட்டுடாத!"

அன்பு கலந்த செய்திதான்; அதில் ஐயமில்லை. ஆனாலும் அதன் ஒவ்வொரு வரியும் நண்பரிடம் போய்ச் சேரும்போது என்னவாக மாறும் என்பதை நாங்கள் இருவரும் உட்கார்ந்து பேசினோம். அந்தப் பேச்சைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் வரி ஆறுதல் போலத் தோன்றுகிறது. ஆனால் "யாருக்குத்தான் இல்ல" என்று சொன்ன பிறகு, நண்பர் தனக்கு அச்சமாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வார்? ஊரே சாதாரணமாகச் சுமக்கும் ஒன்றைச் சுமக்கத் தெரியாதவர் என்ற பெயர் அவருக்கு வந்துவிடும். அவர் எழுதிய ஐந்து சிறு வாக்கியங்களில் மிகவும் கனமானது கடைசி வாக்கியம். வீட்டில் இன்னும் சொல்லவில்லை என்கிறார். அதாவது மனைவியிடமும் சொல்லாததை இவனிடம் சொல்லியிருக்கிறார். தம்பியின் பதிலில் அந்த வாக்கியத்துக்கு மட்டும் ஒரு சொல்கூட இல்லை. அறிவுரையின் பெரிய குறையே இதுதான்: எழுதியவரின் செய்தியை முழுமையாகப் படிக்கவிடாமல் அது நம்மை அவசரப்படுத்துகிறது.

இரண்டாவது வரியான இனிப்பு, நண்பரின் காதில் குற்றப்பத்திரிகையாக ஒலிக்கும். நீ தின்று வரவழைத்துக்கொண்டாய் என்பது அதன் உட்பொருள். சொன்னவர் அப்படி நினைத்திருக்கவே வேண்டியதில்லை. உண்மையில் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய்க்கு மரபு, வயது, உடல் எடை, உடலுழைப்பு எனப் பல காரணங்கள் ஒன்றுசேர்கின்றன. இன்சுலினுக்கு உடல் சரியாக இணங்க மறுப்பதும், இன்சுலினைச் சுரக்கும் கணையத்தின் பீட்டா செல்கள் மெல்லத் தளர்வதும் நோய் கண்டறியப்படுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிடுகின்றன. முதல் வகையில் கதையே வேறு: உடலின் நோயெதிர்ப்பு ஆற்றல் அந்தச் செல்களையே தாக்கி அழிக்கிறது, அதற்கும் தின்ற இனிப்புக்கும் தொடர்பில்லை. பெரியவர்களிலும் முதல் வகை வருவதுண்டு. முதலில் இரண்டாம் வகை என்று கருதப்பட்டு, பின்னர் எதிர்ப்பொருள் சோதனை செய்து பார்த்தபோது வேறாகத் தெரியவந்தவர்கள் இருக்கிறார்கள். எந்த வகை என்பதே முழுதாகத் தெளிவாகாத முதல் நாளில், காரணத்தை நண்பரின் தட்டில் தேடுவது நம் வேலையல்ல.

மூன்றாவது வரியைப் படித்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரவுச் சாப்பாட்டை விட்டுவிடு என்பது பார்ப்பதற்கு எளிய யோசனை. ஆனால் நண்பருக்கு எழுதிக் கொடுத்திருக்கும் இரண்டு மாத்திரைகளும் எவை என்று கேட்டானா? கேட்கவில்லை. பிறகு தெரியவந்தது: ஒன்று மெட்ஃபார்மின், மற்றொன்று கிளிமிபிரைடு. மெட்ஃபார்மின் முதன்மையாகக் கல்லீரல் வெளியிடும் சர்க்கரையைக் குறைப்பது. அதை மட்டும் உட்கொள்பவருக்குச் சர்க்கரை அபாய அளவுக்குத் தாழ்வது அரிது. கிளிமிபிரைடு சல்ஃபோனைல்யூரியா என்ற வகுப்பைச் சேர்ந்தது. கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பது அதன் வேலை. அந்த மனிதர் சாப்பிட்டாரா இல்லையா என்று அது பார்த்துக்கொண்டிருப்பதில்லை. அதைப் போட்டுக்கொண்டு ஒருவேளை உணவைத் தவிர்த்தால், சர்க்கரை இறங்கி வியர்வையும் நடுக்கமும் குழப்பமும் வரலாம். இன்சுலின் போடுபவருக்கும் இதே ஆபத்து உண்டு. ஆகவே உணவு அறிவுரை மனத்தைப் புண்படுத்துவது மட்டுமல்ல. மருந்துச் சீட்டைப் பார்க்காமல் சொல்லப்படும்போது உடலுக்கும் தீங்காக முடியும். நண்பரின் சிறுநீரகம் எப்படி இருக்கிறது, வேறு என்ன மருந்துகள் சாப்பிடுகிறார் என்பதும் நமக்குத் தெரியாது. மருத்துவரும் உணவியல் வல்லுநரும் இவற்றையெல்லாம் கேட்டுவிட்டுத்தான் பேசுவார்கள்.

மாத்திரை இல்லாமல் நார்மல் ஆக்கிய அலுவலக நண்பரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் அது பொய் என்று நான் சொல்ல வரவில்லை. பிரிட்டனில் நடந்து 2017-இன் இறுதியில் வெளியான டைரக்ட் என்ற ஆய்வில், மருத்துவக் கண்காணிப்பில் கடுமையாக எடை குறைத்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஓராண்டு முடிவில் மாத்திரையின்றியே சர்க்கரை நோய்க்குரிய அளவுக்குக் கீழே வந்திருந்தது. ஆனால் அதில் சேர்க்கப்பட்டவர்கள் நோய் தெரியவந்து ஆறு ஆண்டுகளுக்குள் இருந்தவர்கள், இன்சுலின் போடாதவர்கள், அவர்களுடைய மாத்திரைகளை நிறுத்தியதும் ஒரு திட்டத்தின்படி, கண்காணிப்பில்தான். மற்றப் பாதிப் பேருக்கு அது நடக்கவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். இவ்வளவு நிபந்தனைகளும் ஒரு வரிச் செய்தியில் உதிர்ந்துபோய், "மாத்திரை வேண்டாம்" என்பது மட்டும் நண்பரிடம் போய்ச் சேரும். முதல் வாரத்தில் எவருக்கும் மாத்திரையை விழுங்க மனம் வராது. விழுங்காமல் இருக்க ஒரு நல்ல காரணத்தை நண்பனே எடுத்துக் கொடுத்தால் கேட்கவா வேண்டும்?

இவையெல்லாம் ஒருத்தியின் மனக்குறை என்று எண்ண வேண்டாம். சர்க்கரை நோயுடன் வாழ்வதால் வரும் மனச்சுமையை அளப்பதற்கு வில்லியம் போலன்ஸ்கி என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1995-இல் ஒரு வினாத்தாளை வெளியிட்டார்கள். இருபது கேள்விகள் கொண்ட அது இன்றும் பல நாடுகளில் பயன்படுகிறது. அந்த இருபதில் ஒன்று, நோயைக் கவனித்துக்கொள்வது தொடர்பாகப் பிறர் மத்தியில் ஏற்படும் சங்கடமான சூழ்நிலைகள் உங்களுக்கு எவ்வளவு தொல்லையாக இருக்கின்றன என்று கேட்கிறது. எடுத்துக்காட்டாக அங்கேயே கொடுக்கப்பட்டிருப்பது, என்ன சாப்பிட வேண்டும் என்று மற்றவர்கள் சொல்வது. நோயாளியைத் துன்புறுத்தும் இருபது விஷயங்களில் ஒன்றாக நம் அறிவுரை இடம்பெற்றிருக்கிறது. அதே போலன்ஸ்கி நிறுவிய மையம், சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கென்று ஒரு நாகரிகக் குறிப்பு அட்டையையும் வெளியிட்டது. கேட்காத அறிவுரை வேண்டாம், யாருக்கோ நேர்ந்த பயங்கரக் கதை வேண்டாம், யோசிக்காமல் தரும் ஆறுதல் வேண்டாம், என் அனுமதியின்றி என் அளவுகளை எட்டிப் பார்க்க வேண்டாம் என்பவை அதில் உள்ளவற்றுள் சில.

எட்டிப் பார்ப்பதற்கும் அறிவுரைக்கும் ஒரு பொது விளைவு உண்டு: நண்பர் மறைக்கத் தொடங்குவார். இதை நான் என்னிடமே கண்டிருக்கிறேன். சாப்பாட்டைப் பற்றிப் பாடம் எடுப்பவர்களிடம் நான் என் நோயைப் பற்றிப் பேசுவதே இல்லை. அவர்கள் கேட்டால் "நல்லா இருக்கு" என்று முடித்துவிடுவேன். (காணொளிகளை ஃபார்வர்டு செய்யும் நண்பர்கள் சிலரின் பெயர் திரையில் தெரிந்தாலே செய்தியைத் திறக்காமல் விட்டுவிடுகிறேன், அவர்கள் வேறு ஏதாவது நல்ல செய்தி அனுப்பியிருந்தாலும் அது எனக்குத் தெரியப்போவதில்லை.) மறைப்பது வழக்கமாகிவிட்டால், உண்மையிலேயே உதவி தேவைப்படும் நாளிலும் அந்த நண்பரைக் கூப்பிட மனம் வராது.

தம்பி கடைசியில் அனுப்பிய செய்தி இது. "சொன்னதுக்குத் தேங்க்ஸ்டா. வீட்ல நீயா சொல்ற வரைக்கும் என்கிட்டேருந்து யாருக்கும் போகாது. படிச்சதுலேருந்து உன் ஞாபகமாவே இருக்கு. இப்பவே பதில் போடணும்னு இல்ல. நாளைக்கு ராத்திரி ஒன்பது மணிக்குக் கூப்பிடுறேன். பேசத் தோணலன்னா எடுக்க வேண்டாம், ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

இதில் நோயைப் பற்றி ஒரு தகவலும் இல்லை என்பதைக் கவனிக்கலாம். முதலில் நண்பர் சொல்லாமல் சொன்ன கவலைக்கு, அதாவது செய்தி வீட்டுக்கு வேறு வழியாகப் போய்விடக் கூடாது என்பதற்கு, உறுதி கொடுக்கப்பட்டிருக்கிறது. பதில் எழுதும் கடமையிலிருந்து அவர் விடுவிக்கப்பட்டிருக்கிறார். புதிதாக நோய் தெரிந்தவர்களுக்கு வரும் செய்திகளுக்கெல்லாம் நன்றி எழுதுவதே ஒரு தனி வேலையாகிவிடும். "ஏதாவது வேணும்னா சொல்லு" என்ற வழக்கமான வாக்கியம் வேண்டுமென்றே தவிர்க்கப்பட்டிருக்கிறது, ஏனெனில் என்ன வேண்டும் என்று யோசித்துக் கேட்கும் பொறுப்பை அது நோயாளியிடமே திருப்பிக் கொடுக்கிறது. அதற்குப் பதிலாக ஒரு நாளும் ஒரு மணியும் இருக்கின்றன. ஆனால் தப்பிக்க ஒரு வழியும் சேர்ந்தே இருக்கிறது. மறுநாள் ஒன்பது மணிக்கு நண்பர் எடுத்தார். பேசியதில் பெரும்பகுதி, வீட்டில் எப்படிச் சொல்வது என்பதைப் பற்றித்தான்.

முதல் நாள் எல்லாரும் எழுதுவார்கள். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் செய்திகள் நின்றுவிடும். உடலில் விசித்திரமான மாறுதல்கள் தெரிவதோ பெரும்பாலும் அந்த வாரங்களில்தான், ஆகவே அப்போது அனுப்பும் செய்திக்கு மதிப்பு அதிகம். மெட்ஃபார்மின் பலருக்குத் தொடக்கத்தில் வயிற்றைப் புரட்டும். குமட்டல், வயிற்றுப்போக்கு, உப்புசம் எல்லாம் வரும். அதனால்தான் மருத்துவர்கள் சிறிய அளவில், வழக்கமாக 500 மில்லிகிராமில், உணவோடு சேர்த்துத் தொடங்கி மெல்ல உயர்த்துகிறார்கள். பெரும்பாலோருக்கு இது சில வாரங்களில் அடங்கிவிடும். அடங்காதவர்களுக்கு மெதுவாகக் கரையும் வகை மாத்திரையும் உண்டு. இந்தத் தொல்லையை வெளியே சொல்ல வெட்கப்பட்டு, மாத்திரையைச் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்திவிடுபவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்று கண். நெடுநாள் உயர்ந்திருந்த சர்க்கரை சிகிச்சையால் இறங்கும்போது, கண்ணின் வில்லையில் நீரின் அளவு மாறுவதால் பார்வை சில வாரங்களுக்கு மங்கலாகலாம். மருந்து தொடங்கிய பிறகு பார்வை கெடுகிறதே என்று மனிதர் அரண்டுபோவார். பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும் என்பதால், சர்க்கரை நிலைப்படும் வரை புதுக் கண்ணாடி வாங்குவதை ஒத்திவைக்கும்படி மருத்துவர்கள் சொல்வதுண்டு. ஆனால் அது அந்த மங்கல்தானா, வேறு ஏதாவதா என்று தீர்மானிக்க வேண்டியவர் கண் மருத்துவர். நோய் தெரியவந்தவுடன் விழித்திரைப் பரிசோதனை செய்துகொள்வது இரண்டாம் வகையினருக்கு எப்படியும் வழக்கமான நடைமுறை. செய்தி எழுதும் நண்பருக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் எளியது: இந்த வாரங்களில் திரை நிறைய எழுதாமல், ஒரு நிமிடக் குரல் செய்தியாக அனுப்பலாம்.

தம்பி அனுப்பிய குரல் செய்தியில் கேட்டது ஒரே கேள்வி: "மாத்திரை ஆரம்பிச்சதுலேருந்து உடம்பு எப்படி இருக்கு?" சுகர் எவ்வளவு என்று அவன் கேட்கவில்லை. அளவைக் கேட்டால் பதிலாக ஓர் எண் வரும், அந்த எண்ணுக்கு நாம் ஏதாவது சொல்லியாக வேண்டும். உடம்பைக் கேட்டால் மனிதர் பேசுவார். நண்பர் வயிற்றுத் தொல்லையைச் சொன்னார், இரண்டு நாளாக மாத்திரையை விட்டுவிட்டதையும் சொன்னார். இங்கேதான் நாக்கு துடிக்கும். விடக் கூடாது என்றோ, வயிற்றுக்கு இதைச் சாப்பிடு என்றோ சொல்லாமல் தம்பி எழுதினான்: "அது ரொம்பப் பேருக்கு வர்றதுதான்னு அக்கா சொன்னாங்க, மாத்திரைய மாத்திக் கொடுக்கவும் வழி இருக்காம். டாக்டர்கிட்டச் சொல்லிட்டியா? வேணும்னா நாளைக்கு நான் கூட வர்றேன், வெளியில உக்காந்திருக்கேன்." தகவல் இருக்கிறது, ஆனால் அது நண்பரை மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதோடு நின்றுவிடுகிறது. வெளியில் உட்கார்ந்திருக்கிறேன் என்பதும் முக்கியம். மருத்துவர் அறைக்குள் அழைப்பின்றி நுழைய நாம் யார்?

கூடிச் சாப்பிடும் அழைப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முன்பு எப்படி அழைத்தோமோ அப்படியே அழைக்க வேண்டும். உனக்கென்று தனியாகச் செய்து வைக்கிறேன் என்று பலர் படிக்கும் குழுவில் எழுதுவது, வீட்டிலேயே சொல்லாதவரின் நோயை ஊருக்கே அறிவிப்பதாகும். கேட்கத்தக்க கேள்வி ஒன்றே ஒன்று உண்டு, அதையும் தனிச் செய்தியில் கேட்பது நல்லது: "எத்தனை மணிக்குச் சாப்பிட ஆரம்பிச்சா உனக்கு வசதி?" மாத்திரையோ ஊசியோ உணவு நேரத்தோடு பிணைந்திருக்கக்கூடும் என்பதால் நேரம் உண்மையிலேயே அவருக்குத் தேவைப்படும் செய்தி. எதைத் தட்டில் போட்டுக்கொள்வது என்பது அவர் பாடு.

நண்பரிடம் கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்றும் இருக்கிறது, அதைக் கேட்கும் செய்தியை நான் மிகவும் மதிக்கிறேன். "உனக்குச் சுகர் சட்டுனு இறங்கினா நான் என்ன செய்யணும்னு ஒரு தடவ சொல்லிக் கொடுடா." இந்த வாக்கியத்தில் கேட்பவர் மாணவர், நோயாளி ஆசிரியர், வழக்கமாக நடப்பதற்கு நேர்மாறு. நண்பர் அதுவரை மருத்துவரிடம் இதைக் கேட்டிராவிட்டால், கேட்கவும் இது தூண்டும். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு இது வெறும் மரியாதைக் கேள்வி அல்ல.

பொதுவாகக் கற்றுத்தரப்படும் முறை இதுதான். இரத்தச் சர்க்கரை ஒரு டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் தாழ்நிலை என்று கொள்கிறார்கள். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி, காரணமில்லாத எரிச்சல், பேச்சில் குழப்பம் ஆகியவை அடையாளங்கள். அப்போது விரைவாக இரத்தத்தில் கலக்கும் சர்க்கரை ஏறத்தாழ 15 கிராம் கொடுக்க வேண்டும்: குளுக்கோஸ் மாத்திரைகளாகவோ, அரைக் கோப்பைப் பழச்சாறாகவோ, மூன்று நான்கு தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்தோ தரலாம். பதினைந்து நிமிடம் பொறுத்து மீண்டும் அளந்து பார்த்து, ஏறியிராவிட்டால் இன்னொரு முறை கொடுக்க வேண்டும். விழுங்க முடியாத நிலையில் இருந்தாலோ நினைவிழந்தாலோ வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஆம்புலன்ஸைத்தான் கூப்பிட வேண்டும். இனிப்பைத் தொடாதே என்று முதல் நாள் முழங்கிய அதே நண்பர், இந்த நிமிடத்தில் இனிப்பை நீட்டத் தயங்கினால் என்ன ஆகும் என்பதைச் சற்று நினைத்துப் பார்க்கலாம்.

வலிப்பு நோய், ஆஸ்துமா போன்ற வேறு நெடுநாள் நோய் வந்த நண்பரிடமும் இதே கேள்வியைக் கேட்கலாம். வலிப்பு வரும்போது அருகில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும், இழுப்பு வந்தால் இன்ஹேலர் பையில் எங்கே இருக்கும் என்று அவர்கள் சொல்லித் தருவார்கள். அந்த நோய்களுக்கும் ஆளாளுக்கு ஒரு பத்தியம் வைத்திருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

அறிவுரை கூடாது என்பதற்கு விலக்கும் இருக்கிறது. நண்பர் இன்சுலினை நிறுத்திவிட்டேன் என்று எழுதினாலோ, ஓயாத வாந்தியும் வயிற்றுவலியும் வேகமான மூச்சும் இருக்கிறது என்றாலோ, அங்கே நயம் பார்க்கக் கூடாது. இன்சுலின் போதாதபோது இரத்தம் அமிலமாகும் கீட்டோஅசிடோசிஸ் என்ற நிலை, குறிப்பாக முதல் வகையினருக்கு, மணிக்கணக்கில் உயிராபத்தாக வளரக்கூடியது. "இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போ, நான் கிளம்பிட்டேன்" என்று எழுதிவிட்டு உண்மையிலேயே கிளம்ப வேண்டும். வாழவே பிடிக்கவில்லை என்ற தொனியில் செய்தி வந்தாலும் அப்படியே. உடனே நேரில் போவதோ அழைத்துப் பேசுவதோதான் சரி.

மூன்றாவது மாதத்தில் இன்னொரு செய்திக்கு வேளை வரும். எச்பிஏ1சி என்பது சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினில் எத்தனை விழுக்காட்டில் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதைக் காட்டும் எண். ஒரு சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்வதால், அந்த எண் கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைக் காட்டுகிறது. 6.5 அல்லது அதற்கு மேல் இருந்தால் சர்க்கரை நோய் என்று கொள்கிறார்கள். சிகிச்சை தொடங்கி மூன்று மாதம் கழித்து மறுபடி எடுப்பார்கள். பள்ளிக்கூடத்துத் தேர்வு முடிவைப் போல அதற்காகக் காத்திருப்பது எல்லாருக்கும் நேர்கிறது. ஆனால் அந்த எண்ணை உயர்த்தவும் தாழ்த்தவும் சாப்பாடு அல்லாத பலவும் உண்டு. ஸ்டீராய்டு மருந்து, காய்ச்சல், தூக்கமின்மை, மன அழுத்தம் ஆகியவை சர்க்கரையையே உயர்த்தும். இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகை, சர்க்கரை மாறாதபோதும் சோதனையின் எண்ணை உயர்த்திக் காட்டக்கூடும். ஆகவே அந்த எண்ணை வைத்து ஒருவரின் ஒழுக்கத்துக்கு மதிப்பெண் போட முடியாது.

தம்பி பரிசோதனைக்கு முந்தின நாள் எழுதினான்: "நாளைக்கு டெஸ்ட்டுனு ஞாபகம் இருக்கு. நம்பர என்கிட்டச் சொல்லணும்னு இல்ல. ரிசல்ட் வந்தப்புறம் டீ குடிக்கத் தோணுச்சுன்னா கூப்பிடு." இரண்டு நாள் கழித்து நண்பரே எண்ணை அனுப்பினார்: 7.6. கூடவே "இன்னும் ஏழுக்குக் கீழ வரல" என்று ஒரு வரி. 9.2-இலிருந்து இவ்வளவு இறங்கியது மருத்துவ நோக்கில் பெரிய முன்னேற்றம்; ஏழுக்குக் கீழே என்பது பலருக்கும் வைக்கப்படும் இலக்கு, எல்லாருக்குமானது அல்ல. தம்பி இதை விளக்கி எழுத முற்பட்டு, பிறகு அழித்துவிட்டு, "டாக்டர் என்ன சொன்னாரு? உனக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டான். மருத்துவர் மகிழ்ந்ததாகவும், தனக்குத்தான் சலிப்பாக இருப்பதாகவும் பதில் வந்தது. தினமும் விரலைக் குத்திக் குத்தி அலுத்துவிட்டது என்று எழுதியிருந்தார். குத்துவதற்கு விரல் நுனியின் நடுவைவிடப் பக்கவாட்டில் வலி குறைவு என்று நான் தம்பியிடம் சொன்னேன், அதையும் அவன் உடனே அனுப்பவில்லை, "அக்காவுக்கு ஒரு வழி தெரியுமாம், சொல்லட்டுமா?" என்று கேட்டுவிட்டு, சொல்லு என்று வந்த பிறகே எழுதினான். அனுமதி கேட்டுச் சொல்லும் அறிவுரைக்கும் கேட்காமல் சொல்வதற்கும் இடையே உள்ள தூரம் அந்தச் சிறு கேள்விதான்.

இதைப் படிப்பவர்களில் சிலர் ஏற்கெனவே ஒரு பெரிய உணவுப் பட்டியலை நண்பருக்கு அனுப்பி முடித்திருப்பார்கள். அதை இப்போது அழிக்கப் பார்க்க வேண்டாம். அழித்த அடையாளம் திரையில் நிற்கும், நண்பர் அதைப் பற்றியும் யோசிக்க நேரிடும். நீண்ட மன்னிப்புக் கடிதமும் வேண்டாம், ஏனெனில் அதைப் படித்துவிட்டு "பரவாயில்லடா, நீ நல்லதுக்குத்தானே சொன்ன" என்று நம்மைத் தேற்றும் வேலையும் நோயாளியின் தலையில்தான் விழும். "அன்னிக்கு நான் பாட்டுக்கு அட்வைஸ் எழுதிட்டேன், அத விடு. நீ எப்படி இருக்க?" என்று இரண்டு வாக்கியம் எழுதினால் போதும். பதில் வர ஒரு வாரம்கூட ஆகலாம். அதற்குள் இன்னொரு செய்தி அனுப்பத் தோன்றினால், நோயைத் தவிர வேறு எதைப் பற்றியாவது இருக்கட்டும்.